அழித்த செய்தியும் அழியாத தடமும்

(முண்டியம்பாக்கத்தில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முண்டியம்பாக்கத்தில் படிக்கும் ஒரு பெண்ணும், திண்டிவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனும் காதலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வெவ்வேறு சாதி. தினமும் இரவு வாட்ஸ்அப்பில் பேசிவிட்டு, காலையில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். இனி யாருக்கும் தெரியாது என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

அழிப்பது சொற்களை மட்டும்தான். யார், யாரோடு, எப்போது, எங்கிருந்து என்ற தடம் வேறு இடங்களில் இருக்கிறது.

முதலில் வாட்ஸ்அப் நிறுவனம். கொண்டுசேர்த்த செய்தியைத் தன் சர்வரில் வைத்திருப்பதில்லை; போய்ச் சேராத செய்தியை மட்டும் 30 நாள் வரை, அதுவும் பூட்டிய வடிவில் வைத்திருக்கும் என்கிறது. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற பதிவையும் வழக்கமாகச் சேமிப்பதில்லை என்கிறது. ஆனால் உங்கள் எண், கடைசியாக வந்த நேரம், ஐ.பி. முகவரி, எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பவை அதற்குத் தெரியும். உங்கள் தொலைபேசியில் சேமித்த எண்களும் தெரியும். பெண் தன் போனிலிருந்து பையனின் எண்ணை எடுத்துவிட்டாலும், பையனின் போனில் அவள் எண் இருக்கும்வரை அந்தத் தொடர்பு மறுபக்கத்திலிருந்து தெரியும்.

சட்டப்படி உத்தரவு வந்தால் நிலைமை இன்னும் மாறும். அமெரிக்க நிதித்துறை அதிகாரி நடாலி எட்வர்ட்ஸ் வழக்கைப் பாருங்கள். அவர் ஒரு செய்தியாளருக்கு ரகசிய ஆவணங்கள் தந்தார் என்று சந்தேகம். அவருடைய வாட்ஸ்அப் செய்திகள் போகும் வரும் விவரத்தை மட்டும் பதிவு செய்ய உத்தரவு பெற்றார்கள். அந்தப் பதிவு தொடங்கிய சில மணி நேரத்திலேயே, 2018 ஆகஸ்ட் 1 நள்ளிரவு 12.33 முதல் 12.54 வரை, அவருக்கும் அந்தச் செய்தியாளருக்கும் இடையே ஏறத்தாழ 70 செய்திகள் போய் வந்தது தெரிந்தது. அந்தப் பதிவில் ஒரு சொல்கூட இல்லை. முந்தைய நாள்தான் செய்தி வெளியாகியிருந்தது. நள்ளிரவில் இருபது நிமிடத்தில் 70 செய்தி என்றால் அதற்கு விளக்கவுரை தேவையா? அது வழக்கின் ஆதாரங்களில் ஒன்றானது. 2021இல் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

நம் பையனும் பெண்ணும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயப்படவில்லை. அவர்கள் பயப்படுவது மாமனுக்கும் சித்தப்பாவுக்கும். அங்கேதான் இரண்டாவது இடம் வருகிறது: சிம் கார்டு நிறுவனம். சாதாரண அழைப்பு, எஸ்.எம்.எஸ். ஒவ்வொன்றுக்கும் இரு எண்கள், நேரம், எவ்வளவு நேரம் பேசினார்கள், எந்த டவர், கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் அங்கே பதிவாகும். வாட்ஸ்அப் செய்தி அந்தப் பட்டியலில் வராது. ஆனால் இணைய இணைப்பு எந்த நேரத்தில், எந்த டவரில் இருந்தது என்பது பதிவாகும். இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தியது. நீங்கள் உங்கள் போனில் எதை அழித்தாலும் இதைத் தொட முடியாது.

இது காவல்துறைக்கு மட்டும்தானே கிடைக்கும் என்று கேட்கலாம். சட்டப்படி அப்படித்தான். ஆனால் 2018இல் மகாராஷ்டிரத்தின் தானே காவல்துறை, இத்தகைய அழைப்புப் பதிவுகளைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்களையே கைது செய்தது. பணமும் ஆள்பலமும் இருக்கிற சாதிக் குடும்பத்துக்கு அந்தக் கதவு முழுதாக அடைபட்டதல்ல.

அதனால் என்ன செய்வது? ஓடி வந்த பிறகு பழைய கைப்பேசியில் புது சிம் போடுவதால் பயனில்லை; ஐ.எம்.இ.ஐ. எண் அதே எண்தான். சிக்னல் செயலி மிகக் குறைவாகவே வைத்திருக்கிறது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவுக்கு அது தர முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். ஆனால் சிக்னல் வைத்திருந்தாலும் டவர் பதிவு மாறாது. உயிருக்கு ஆபத்து என்று கிளம்பும் நாளில், பையில் இருக்கும் போன்தான் உங்கள் வழியைச் சொல்லும் என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மிரட்டல் வந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். அருவருப்பில் அழிக்கத்தான் கை போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். புகார் கொடுக்கும்போதே மிரட்டியவரின் அழைப்புப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இரண்டு ஆண்டு கழிந்தால் நிறுவனம் அதை அழித்துவிடலாம். நம்மைக் காட்டிக்கொடுக்கும் அதே தடம்தான், கொலைகாரன் எந்த டவரின் கீழ் நின்றான் என்பதையும் நீதிமன்றத்தில் சொல்லும்.