நடுவில் நிற்கும் வீடு

பத்திரிகையில் 'சராசரி வருமானம்' என்று வாசிக்கும்போது, "நம்ம வீட்டுக்கு இவ்வளவு வருவதில்லையே" என்று தோன்றுகிறதா?

ஹட்டன் பக்கம் ஒரு லயத்தில் ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடுகளின் மாத வருமானம் 30, 35, 40, 45 ஆயிரம். ஐந்தாவது வீட்டு மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதால் அங்கே 150 ஆயிரம். எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 60 ஆயிரம். ஆனால் நான்கு வீடுகள் அதைத் தொடவே இல்லை! சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 40 ஆயிரம். அதுதான் இடையம். ஐந்தாம் வீட்டுக்கு இன்னும் ஒரு இலட்சம் வந்தாலும் அது அசையாது, சராசரிதான் எகிறும்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணக்கில் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. இடையமோ 53,333 தான். செய்தித் தலைப்புக்குப் பெரும்பாலும் போவது பெரிய எண்.

அதே கணக்கு பெருந்தோட்டத் துறைக்குச் சொன்ன 46,865 ரூபாவும் சராசரிதான். அதுவும் ஒருவரின் சம்பளம் அல்ல. அம்மா கொழுந்தெடுத்து வாங்குவது, கொழும்புக் கடையில் நிற்கும் மகன் அனுப்புவது எல்லாம் சேர்ந்த வீட்டுக் கணக்கு.