கரைந்துபோன பிரீமியம்
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)

ஒரு சின்னக் கதை.

2022-இல் நிஃப்டி வார ஆப்ஷன் வியாழனன்று முடியும். ஒரு திங்கட்கிழமை காலை, நிஃப்டி 18,000. நம் கதாநாயகன் குமார் 18,100 கால் ஆப்ஷன் ஒரு லாட், அதாவது 50, வாங்கினான். விலை 75 ரூபாய், மொத்தம் 3,750. "மார்க்கெட் ஏறும், பாருண்ணே" என்றான்.

ஏறத்தான் செய்தது! புதன் மதியம் நிஃப்டி 18,040. ஆப்ஷன் விலையோ 50.

"ஏறியிருக்கே, ஏன்ணே குறையுது?" என்றான்.

"தம்பி, 18,100-ஐத் தாண்டினால்தானே அதுக்கு உள்மதிப்பு? நீ கொடுத்த 75-ம் தாண்டுவதற்கான அவகாசத்தின் விலை. நாற்பது புள்ளி ஏற்றம் பதினைந்து ரூபாய் சேர்த்தது. கழிந்த இரண்டரை நாள் நாற்பதைத் தின்றது. முடிவு நெருங்க நெருங்க இன்னும் வேகமாத் தின்னும். இப்பவே வித்தா 2,500-ஆவது மிஞ்சும்."

அவன் விற்கவில்லை. வியாழன் நிஃப்டி 18,080-இல் முடிந்தது. ஆப்ஷன் விலை பூஜ்யம்.

திசையைச் சரியாகச் சொன்னவன் 3,750-ஐயும் இழந்தான். முதல் போட்டவன் லாபம் பார்க்க, முடிவன்று நிஃப்டி 18,175-ஐத் தாண்டியிருக்க வேண்டும். வாங்குமுன் கேட்க வேண்டியது இரண்டு: எவ்வளவு ஏறணும்? எத்தனை நாளுக்குள்ளே? குமார் முதல் கேள்வியைக்கூடப் பாதிதான் கேட்டான்.