அவசரத் தூக்கு யாருக்கு நீதி?

(வேடந்தாங்கலில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிருந்து படாளம் கூட்ரோட்டுக்குப் போய் பஸ் ஏறினால் செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் இறங்கலாம். அந்த வளாகத்தில் உள்ள மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரி 19ஆம் தேதி ஓர் இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சென்னை போரூர் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தையைச் சீரழித்துக் கொன்று எரித்ததாக வழக்கு. ஜாமீனில் வெளியே வந்தபோது இன்னொரு கொலை வழக்கும் அவர்மேல் விழுந்தது. ஊரே கொதித்தது. தீர்ப்பு வந்த அன்று பட்டாசு வெடிக்காத குறைதான்.

2018 ஜூலை 10ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அதே வழக்கில் அவரை விடுதலை செய்தார்கள். தண்டனையைக் குறைக்கவில்லை, குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை என்று விடுவித்தார்கள். அந்த இன்னொரு வழக்கிலும் அவர் விடுதலையாகிவிட்டார்.

"பார்த்தீர்களா, மேலே மேலே போனால் குற்றவாளி தப்பிவிடுகிறான், அன்றைக்கே தொங்கவிட்டிருக்க வேண்டும்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். அந்தக் குழந்தையின் வழக்கைக் கெடுத்தது மேல் நீதிமன்றம் அல்ல. அதைக் கெடுத்தது அவசரம்!

எப்படி என்று கேளுங்கள்.

கொலைக்குச் சட்டம் இரண்டு தண்டனைகளை வைத்திருக்கிறது: ஆயுள், அல்லது மரணம். ஆயுள்தான் வழக்கம். மரணம் விதிக்க வேண்டுமானால் நீதிபதி தனிக் காரணங்களை எழுத வேண்டும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கியது. அரிதிலும் அரிதான வழக்கில், ஆயுள் தண்டனை போதவே போதாது என்று ஆன பிறகே தூக்கு. குற்றம் எவ்வளவு கொடூரம் என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த மனிதன் யார், எப்படி வளர்ந்தான், வயது என்ன, மனநலம் என்ன, திருந்துவானா என்பதையும் எடைபோட வேண்டும். அதனால் விசாரணை இரண்டு படியாக நடக்க வேண்டும். முதலில், குற்றவாளியா இல்லையா. பிறகு, தண்டனை என்ன என்று தனியாக ஒரு விசாரணை. சிறையில் அவன் நடத்தை எப்படி என்று அறிக்கை வேண்டும். மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போய் விசாரித்து எழுத வேண்டும்.

செங்கல்பட்டில் நடந்தது என்ன? குற்றச்சாட்டு பதிவான நாளில் அந்த இளைஞருக்கு வக்கீலே இல்லை. பிறகுதான் சட்ட உதவி வக்கீல் அமர்த்தப்பட்டார். கட்டுக்கட்டான ஆவணங்கள் கைக்கு வந்த சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. ஓர் உயிர் தொங்கும் வழக்கில் குறுக்கு விசாரணைக்குத் தயாராக அதுவா நேரம்? குற்றவாளி என்று சொன்ன அதே நாளில் தூக்கும் சொல்லியாகிவிட்டது. அறிக்கைகள் எதுவும் கேட்கப்படவில்லை.

ஆதாரத்துக்கு வருவோம். கேமராவில் அவர் நடமாட்டம் தெரிந்தது என்றது காவல்துறை. அந்தப் பதிவை நீதிமன்றத்தில் முறைப்படி நிரூபிக்கவில்லை. குழந்தையோடு கடைசியாக அவரைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியம் நிற்கவில்லை. அவரே வாக்குமூலம் கொடுத்து இடத்தைக் காட்டினார் என்ற கதையும், ஆய்வகப் பரிசோதனை முடிவுகளும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணம் ஆகவில்லை. தோழர்களே, நல்ல வக்கீல் ஒருவர் முதல் நாளிலிருந்து கேள்வி கேட்டிருந்தால் இந்த ஓட்டைகள் 2018இலேயே தெரிந்திருக்கும். அப்போதே மறுபடி தேட, உண்மைக் குற்றவாளி யாரென்று நிச்சயம் பண்ண வாய்ப்பிருந்தது. இத்தனை வருடம் கழித்து என்ன செய்வது? பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இப்போது உயர் நீதிமன்றத்துக்கு வருகிறேன். செஷன்ஸ் கோர்ட்டு தூக்கு என்று எழுதினால் அது அங்கேயே தண்டனை ஆகிவிடாது. உயர் நீதிமன்றம் உறுதி செய்கிற வரை நிறைவேற்ற முடியாது. கைதி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் கீழ்க்கோர்ட்டே மொத்தக் கட்டையும் மேலே அனுப்பியாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்று தனி எண் கொடுப்பார்கள். 'ரெஃபர்டு ட்ரையல்', சுருக்கமாக ஆர்.டி. என்பார்கள். குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட வேண்டும். அவர்கள் புதிய சாட்சி எடுக்கலாம், மறு விசாரணைக்கு உத்தரவிடலாம், தண்டனையை மாற்றலாம், விடுதலையும் செய்யலாம். ஒவ்வொரு சாட்சியத்தையும் தாங்களே முதலிலிருந்து படித்து எடைபோட வேண்டும் என்பதுதான் அந்த அதிகாரத்தின் பொருள். கீழே எழுதியதை அப்படியே ஆமோதித்தால் அது ரப்பர் ஸ்டாம்ப். செங்கல்பட்டு வழக்கில் உயர் நீதிமன்றத்துக்குத் தெரியாமல் போன ஓட்டைகள் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிந்தன. அதனால்தான் சொல்கிறேன், ஒரு படி தவறினாலும் அடுத்த படி பிடிக்க வேண்டும்.

அந்தப் படியையே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் தூரம் போக வேண்டாம். 1991 மே 21ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. தடாவில் உயர் நீதிமன்றம் கிடையாது. நேராக உச்ச நீதிமன்றம். காவல் கண்காணிப்பாளர் எழுதிக்கொண்ட வாக்குமூலமே சாட்சியம். 1998 ஜனவரி 28ஆம் தேதி பூந்தமல்லி தனி நீதிமன்றம் நின்ற 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர் பாக்கியில்லை! 1999 மே 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? 19 பேரை விடுவித்தது. மூவருக்கு ஆயுள். நால்வருக்கு மட்டும் தூக்கு. மேலே ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து படித்திராவிட்டால் அந்த 22 உயிர் எங்கே?

மிச்சம் நின்ற நால்வர் முருகன், சாந்தன், பேரறிவாளன், நளினி. இவர்களின் கதையில்தான் கருணை மனு என்றால் என்ன என்பது அடங்கியிருக்கிறது.

கருணை மனு என்றால் கைதி காலில் விழுந்து கெஞ்சுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அரசியல் சட்டம் வைத்திருக்கும் கடைசிக் கதவு. ஆளுநருக்கு 161ஆவது பிரிவு, குடியரசுத் தலைவருக்கு 72ஆவது பிரிவு. நீதிமன்றம் பார்க்க முடியாததையும் அங்கே வைக்கலாம். வயது, நோய், மனநலம், குடும்பம், சிறையில் கழிந்த வருடங்கள், பின்னால் தெரியவந்த உண்மை. ஆதாரத்தையே மறுபடி பார்க்கவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தன் விருப்பத்துக்கு முடிவு செய்ய முடியாது. அமைச்சரவை சொல்லும் ஆலோசனைப்படிதான். மனு உள்துறைக்குப் போகும், மாநில அரசின் கருத்து கேட்கப்படும், தீர்ப்புகளும் சிறை அறிக்கைகளும் சேரும், பிறகுதான் கையெழுத்து.

1999 அக்டோபரில் ஆளுநர் பாத்திமா பீவி நால்வர் மனுவையும் தள்ளினார். அமைச்சரவையைக் கேட்காமல் தள்ளினார் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2000இல் அமைச்சரவையின் பரிந்துரைப்படி நளினியின் தூக்கு ஆயுளானது. மற்ற மூவரின் மனு குடியரசுத் தலைவரிடம் போனது. 11 வருடம் பதிலே இல்லை! 2011 ஆகஸ்டில் நிராகரிப்பு வந்தது. வேலூர்ச் சிறையில் செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தார்கள். அதை எதிர்த்துக் காஞ்சிபுரத்தில் நம் பிள்ளை செங்கொடி தன்னையே எரித்துக்கொண்டாள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2014 பிப்ரவரி 18ஆம் தேதி, இந்தத் தாமதமே ஒரு வதை என்று உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாக்கியது.

இதில் ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வுபெற்ற பின் 2013இல் வெளியே வந்து பேசினார். தான் வாங்கித்தந்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை, தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். குறித்த நாள் 2011. உண்மை வந்த வருடம் 2013. தூக்கு அன்றே நடந்திருந்தால் அந்த உண்மையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம்? பேரறிவாளன் 2022 மே 18ஆம் தேதி விடுதலையானார்.

2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கருணை மனுவுக்குக் கெடு வைத்திருக்கிறது. மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த 30 நாளுக்குள் கைதி மனுப்போட வேண்டும். ஆளுநர் தள்ளினால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம் போக வேண்டும். மாநிலத்தின் கருத்து வந்த 60 நாளில் மத்திய அரசு பரிந்துரை அனுப்ப வேண்டும். குடியரசுத் தலைவர் முடிவெடுக்க மட்டும் கெடு இல்லை. படிப்பறிவில்லாத கைதிக்கு 30 நாள், அரசின் உச்சிக்கு எல்லையே இல்லை! அந்த முடிவை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். 2014இல் மூன்று உயிரைக் காத்தது எது? அந்தக் கேள்விதானே! அரசியல் சட்டம் கொடுத்த உரிமையை ஒரு சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது என்று இந்த மேடையிலிருந்து உரக்கச் சொல்கிறேன்.

வேடந்தாங்கல் மக்களே! வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உங்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, உங்கள் முன்னோர் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் 1798இல் எழுத்தில் தடை வாங்கினார்கள். துப்பாக்கி வைத்திருப்பவனைக் காகிதத்தால் கட்டிய ஊர் இது. அரசாங்கத்தின் கையில் இருக்கும் கயிற்றுக்கும் அப்படி ஒரு கட்டு வேண்டும். அந்தக் கட்டுதான் உயர் நீதிமன்றத்தின் உறுதிப்படுத்தல், உச்ச நீதிமன்றம், கருணை மனு.

நாளைக்கு இன்னொரு குழந்தைக்குக் கொடுமை நடந்தால், நடக்கக் கூடாது, நடந்தால், உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். "தூக்கில் போடு" என்று கத்தாதீர்கள். கேமரா பதிவை அன்றைக்கே முறைப்படி கைப்பற்றினீர்களா என்று கேளுங்கள். ஆய்வகத்துக்குப் போன மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எழுதியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு முதல் நாளிலேயே அனுபவமுள்ள வக்கீல் உண்டா என்று கேளுங்கள். தண்டனைக்கு முன்னால் அறிக்கைகள் வந்தனவா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கிற ஊரில் குற்றவாளி தப்ப முடியாது, நிரபராதி சாக வேண்டியதும் இல்லை. அதைக் கேட்கும் தைரியம் நமக்கு வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம்!