“வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு”: எந்தத் தேதியில் அறை, எந்தத் தேதியில் வண்டி?

(உம்ரா செல்வோருக்கான ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமல்களைப் பற்றி ஹஜ்ரத் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லப்போவது தேதி விஷயம் மட்டும்தான். சின்ன விஷயம்தான், ஆனால் போன தடவை என் உம்மாவை ஹோட்டல் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைத்தது.

நம் வீடுகளில் பத்திரிகை அடிக்கும்போது “வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு” என்று போடுகிறோம். மஃரிபோடு நமக்கு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. விமானத்துக்கு அப்படி இல்லை, அதற்கு நள்ளிரவு 12 மணிக்குத்தான் தேதி மாறும். ஹோட்டல்காரர் கணக்கு மூன்றாவது வகை. அவருக்கு ஒரு இரவு என்றால் மாலை தொடங்கி மறுநாள் பகல் வரை. இந்த மூன்றும் மோதும் இடத்தில்தான் நாம் தவறுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வியாழன் இரவு 9.40க்குச் சென்னையில் விமானம் ஏறுகிறீர்கள். ஆறு மணி நேரப் பயணம். நம் கடிகாரத்தில் வெள்ளி அதிகாலை 3.40 ஆகியிருக்கும். சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் ஜித்தாவில் அப்போது வெள்ளி 1.10. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருக்கும். அடுத்த தேதி என்று அர்த்தம். டிக்கெட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான், அதில் மறுபடியும் இரண்டரை மணியைக் கழிக்காதீர்கள்.

இமிக்ரேஷன் முடித்து, பெட்டி எடுத்து, மக்கா போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மணி ஆகும், ஃபஜ்ருக்கு முன். “வெள்ளிக்கிழமைதானே போகிறோம்” என்று நான் வெள்ளி முதல் அறை போட்டிருந்தேன். வரவேற்பில் இருந்தவர், “உங்கள் அறை மாலை நான்கு மணிக்கு” என்றார். அவர் சொன்னது தவறில்லை. அதற்கு முந்தின இரவுக்கு நான் பணம் கட்டவே இல்லையே!

ஆகவே விடியுமுன் போய்ச் சேருகிறவர்களுக்கு அறை வியாழன் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு இரவு வாடகை கூடும். போட்டால் மட்டும் போதாது, “வியாழன் இரவுக்கான அறை, நாங்கள் வெள்ளி அதிகாலை 4 மணிக்கு வருகிறோம், அறையை வைத்திருங்கள்” என்று ஹோட்டலுக்கு எழுதி, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால், நள்ளிரவு தாண்டியும் ஆள் வரவில்லை என்று முழு புக்கிங்கையும் ரத்து செய்துவிடும் ஆபத்து உண்டு.

வாலிபர்களாக இருந்தால் இந்தச் செலவு தேவைப்படாமல் போகலாம். இஹ்ராமோடுதானே வருகிறீர்கள்? பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு நேரே உம்ரா முடித்துவிட்டு, மாலையில் அறைக்கு வரலாம். ஆனால் வெள்ளியன்று ஜும்ஆ கூட்டம் காலையிலேயே சேர்ந்துவிடும். முதியவர், சர்க்கரை உள்ளவர், கைக்குழந்தை இருந்தால் அந்த ஓர் இரவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது வண்டி. இங்கேதான் கவனம் வேண்டும். அறைக்கு வியாழன் தேதி போட்டோம் அல்லவா? வண்டிக்கு வெள்ளி தேதிதான் போட வேண்டும். ஒரே வருகைக்கு இரண்டு தேதிகள். “வியாழன் இரவு 1.10” என்று டிரைவரிடம் சொன்னால், அவர் ஒரு நாள் முன்னதாகவே வந்து, காத்திருந்து, ஆள் இல்லை என்று போய்விடுவார். கொடுத்த பணமும் போய்விடும். “வெள்ளி, பின்னிரவு 1.10, ஜித்தா நேரம்” என்று தேதியோடு எழுதுங்கள். விமான எண்ணையும், எந்த டெர்மினல் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். ஜித்தாவில் டெர்மினல் ஒன்றுக்கு மேல் உண்டு. விமான எண் இருந்தால், தாமதமானால் அவரே பார்த்துக்கொள்வார்.

திரும்பும்போதும் இதே கதைதான். திங்கள் பின்னிரவு 3 மணிக்கு விமானம் என்றால், ஞாயிறு இரவே மக்காவை விட்டுக் கிளம்ப வேண்டும். இங்கே வண்டிக்கு ஞாயிறு தேதி. அறையை ஞாயிறு பகலிலேயே காலி செய்யச் சொல்வார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: விமானம் இறங்கும் தேதி, வண்டியின் தேதி, அறை தொடங்கும் தேதி. விடியுமுன் ஹோட்டலுக்குப் போய்ச் சேருகிறவர்களுக்கு முதல் இரண்டும் ஒன்றாகவும், மூன்றாவது ஒரு நாள் முன்னதாகவும் இருந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே தேதியாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் என்னிடம் கொண்டு வந்து காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.