ஆறிய பொங்கலும் நம் நாவும்



கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்து, தாம்பரத்தில் ஓர் உணவகத்துக்குக் குடும்பமாகச் சென்றோம். மணி 10.30. பொங்கல் ஆறி இறுகியிருந்தது. சாம்பார் உப்புக் கரித்தது. வடை வர 25 நிமிடம் ஆனது. வீடு திரும்பும்போதே, "அங்கே எதையும் வாயில் வைக்க முடியாது" என்று சொல்லத் தொடங்கிவிட்டோம்.

அது உண்மையா? காபி நன்றாக இருந்தது. பரிமாறிய தம்பி இருமுறை மன்னிப்புக் கேட்டார். காலையில் வைத்த பொங்கல் நேரம் ஆக ஆக இறுகும். அடுப்பிலேயே கிடக்கும் சாம்பார் சுண்டச் சுண்டக் கரிக்கும். நாம் சாப்பிட்டது கடைசிப் பந்தி. 7 மணிப் பொங்கலைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது திருத்திச் சொன்னோம்: "ஒரு தடவைதான் போனோம், பத்தரைக்கு. பொங்கல் ஆறியிருந்தது, சாம்பாரில் உப்பு அதிகம், வடைக்கு ரொம்ப நேரம் காத்திருந்தோம். காபி நல்லா இருந்தது." குறையை மறைக்கவில்லை, கூட்டவுமில்லை.

ஒரு வருத்தம் மட்டும் மிச்சம். கல்லாவில் இருந்தவரிடம் நாம் ஒன்றும் சொல்லவில்லை. சரிசெய்யக்கூடியவரிடம் வாய் மூடிவிட்டு, வழியெல்லாம் பேசினோம். பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை சாப்பாட்டு மேசைக்கும் உண்டு.