பழைய கீரையைச் சூடாக்கினால் நஞ்சாகுமா?

(திம்புள்ள மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது லயங்களில் ஒரு பேச்சு இருக்கிறது. இரவு சமைத்த கீரையை மறுநாள் சூடாக்கினால் நஞ்சாகிவிடும் என்று சொல்கிறார்கள். அதனால் மிஞ்சின கீரையைக் கொட்டுகிறோம். ஆனால் அதே இரவில் மிஞ்சின சோற்றைக் கொட்டுவதில்லை. நாம் பயப்படுகிற இடம் ஒன்று, பயப்பட வேண்டிய இடம் வேறொன்று.

கீரையில் நைத்திரேற்று என்ற உப்பு இருக்கிறது. மண்ணிலிருந்து இலை எடுத்துக்கொள்வதுதான் அது. பசளியிலும் தண்டுக்கீரையிலும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நைத்திரேற்றால் நமக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது நைத்திரைற்று என்ற இன்னொரு பொருளாக மாறினால்தான் கவனிக்க வேண்டும். அப்படி மாற்றுவது அடுப்புச் சூடு இல்லை, பற்றீரியாக் கிருமி. புதிதாகச் சமைத்த கீரையைத் தின்றாலும் நம் வாயில் இருக்கும் கிருமிகள் சிறிதளவை மாற்றத்தான் செய்கின்றன. பெரியவர்கள் உடம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும். ஆகவே பிரிஜ்ஜில் வைத்த கீரையை மறுநாள் ஒரு தரம் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுகிறவருக்குப் பயமில்லை.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு காரணம் உண்டு. 1960களில் ஜெர்மனியில் பசளிபோன்ற கீரையை மசித்து ஊட்டிய கைக்குழந்தைகள் சிலர் நீலம் பாய்ந்து போனதை டாக்டர்மார் எழுதிவைத்தார்கள். சமைத்த கீரை வெளியில் கிடந்த நேரத்தில் கிருமி பெருகி, நைத்திரைற்று கூடியிருந்தது. அது இரத்தத்தில் சேர்ந்தால் ஈமோகுளோபின் மூச்சுக்காற்றைச் சுமந்து செல்ல முடியாமல் போகிறது. சின்னக் குழந்தைகளின் இரத்தத்துக்கு அதைத் திருப்பிச் சரிசெய்யும் பலம் குறைவு. குழந்தைக்குச் சொன்ன எச்சரிக்கை, வாய்க்கு வாய் மாறி, எல்லோருக்கும் ஆனது. கிடந்த நேரத்தின் மேல் இருந்த குற்றம் சூடாக்குவதன் மேல் போய் விழுந்தது.

இப்போது நமது வீட்டுக்கு வருவோம். காலை ஐந்து மணிக்கு ஒரு தாய் சோறும் கீரையும் ஆக்குகிறார். பிள்ளைக்கென்று கொஞ்சத்தைப் பருப்போடு மசித்து, சூட்டோடு டப்பாவில் அடைத்து, பிள்ளை மடுவத்தில் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறார். பிள்ளை அதைச் சாப்பிடுவது பன்னிரண்டு மணிக்கு. ஏழு மணித்தியாலம்! மூடின டப்பாவில் வெதுவெதுப்பு சீக்கிரம் போகாது. கிருமிக்கு அதைவிட வசதி வேண்டுமா? உப்புப் பார்த்த கரண்டியை மறுபடி அதே சட்டியில் விட்டிருந்தால், நம் வாய்க் கிருமியையும் சேர்த்தே அனுப்பியிருப்போம். தேங்காய்ப்பூ போட்ட சுண்டல் என்றால் இன்னும் சீக்கிரம் கெடும். சமைத்த சாப்பாடு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதுதான் பொதுவான கணக்கு.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் ஒரு வயது வரை, பிள்ளைக்குக் கொடுக்கும் கீரை அப்போது சமைத்ததாகவே இருக்கட்டும். கீரை வேக ஐந்து நிமிடம் போதும். பிள்ளை மடுவத்திலேயே மதியம் அடுப்பு மூட்டிச் சமைக்க வசதி வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். வயிற்றோட்டம் இருக்கும்போது பசளியை நிறுத்திவையுங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபையும் 2010இல் இப்படித்தான் சொன்னது. பிள்ளையின் உதடு, ஈறு, நகக்கண் நீலமாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் கைமருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

பெரியவர்களுக்கு உண்மையான ஆபத்து சோற்றில்தான். அரிசியில் ஒட்டியிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, உலை கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சை விட்டுவைக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மணத்தில், நிறத்தில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். சாப்பிட்ட சில மணித்தியாலத்தில் வாந்தி வரும்போதுதான் தெரியும். "நேற்றைய கீரைதான் வேலை காட்டிவிட்டது" என்று அன்றைக்கும் பழி கீரைக்கே.

பிரிஜ் இருக்கிறவர்கள், நாளைக்கு வேண்டியதை இறக்கியவுடனே அகலமான பாத்திரத்தில் பரப்புங்கள். அதைப் பைப் தண்ணீர் ஊற்றிய பேசினில் நிறுத்தினால் சீக்கிரம் ஆறும். உடனே உள்ளே வையுங்கள். மறுநாள் சாப்பிடுகிற அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். மிச்சத்தை மூன்றாம் தரம் சூடாக்க வைக்க வேண்டாம்.

பிரிஜ் இல்லாதவர்கள் பச்சைக் கீரையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நறுக்காமல் தண்டைத் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துணியால் மூடிவிட்டால் நம் ஊர்க் குளிரில் விடியும்வரை வாடாது. அதே குளிரை நம்பிச் சமைத்ததை வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். வெளியில் பனி கொட்டினாலும் அடுப்பங்கரை அந்த அளவுக்குக் குளிராது. கிருமியை அடக்க 5 பாகைக்குக் கீழே போக வேண்டும். வல்லாரையோ பொன்னாங்காணியோ இரவுக்கு ஒரு பிடி, காலைக்கு ஒரு பிடி என்று பிரித்து வைத்தால், கொட்டவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.