பேசினில் நிற்கும் தண்ணீர்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

போன மாதம் ஒரு குழு உறுப்பினர் வீட்டுக்குப் போயிருந்தோம். புதுக் கழிப்பறை கட்டியும் யாரும் அதில் போவதில்லை. ஏன் என்று கேட்டோம். "ஒவ்வொரு தடவையும் பத்து லிட்டர் வாளி நிறைய ஊத்தணும்க்கா. வீட்ல அஞ்சு பேரு. தெருக்குழாயிலிருந்து யாரு சுமக்குறது?" என்றார். ஒருவருக்கு ஒரு தடவை என்றாலே ஐம்பது லிட்டர், அதாவது மூன்று குடத்துக்கு மேல்! பக்கத்து வீட்டிலோ இரண்டு லிட்டர் சொம்பு ஒன்று போதுமாம்.

வித்தியாசம் எங்கே என்று பார்த்தோம். பேசினுக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று உண்டு, ட்ராப் என்பார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் குழியின் நாற்றமும் ஈயும் கொசுவும் மேலே வராமல் அடைக்கும் தண்ணீர்ப் பூட்டு. நாம் ஊற்றும் தண்ணீர் மலத்தை இந்தப் பூட்டுக்குள் அமுக்கி, அந்தப் பக்கத்து மேட்டைத் தாண்டித் தள்ள வேண்டும். பூட்டு ஆழமாக ஆக, தண்ணீரும் கூடுதலாக வேண்டும்.

கிராமத்துக் கழிப்பறைக்குப் பூட்டின் ஆழம் 20 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலம் போதும். பேசினும் நல்ல சரிவாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டரில் போய்விடும். அந்த அக்கா வீட்டில் இருந்ததோ, மேலே தொட்டி வைத்துக் கழுவும் பட்டணத்து வீடுகளுக்கான தட்டைப் பேசின். அதன் பூட்டு மூன்று விரல் அகலம். கடையில் மலிவாகக் கிடைத்தது என்று கொத்தனார் வாங்கி வந்துவிட்டாராம். பேசினையும் ட்ராப்பையும் மாற்றிய பிறகு அங்கேயும் ஒரு சொம்புதான்.

வாங்கும்போதே பார்த்துவிடலாம். ட்ராப்பைச் சமமாக வைத்து, மறுபக்கம் வழியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே மேலிருந்து இறங்கும் உதட்டின் அடிவிளிம்பை விரலால் தொடுங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து அந்த விளிம்பு வரை உள்ள ஆழம்தான் பூட்டு.

சரியான பேசினும் அடைத்துக்கொள்வதுண்டு. ட்ராப்பின் வழி மூன்று அங்குலம்தான். துணி, நாப்கின், தேங்காய் நார், சாம்பல் எல்லாம் வளைவில் நின்றுவிடும். சொட்டுச் சொட்டாக ஊற்றினாலும் தேங்கும்; போவதற்கு முன் பேசினை நனைத்து, பிறகு ஒரே வீச்சில் ஊற்றுங்கள். அடைத்தால் வளையும் மூங்கில் பட்டையால் தள்ளுங்கள். கடப்பாரை வேண்டாம், ட்ராப் உடைந்தால் பூட்டும் போச்சு! வளைவில் ஒன்றும் இல்லாமலே தண்ணீர் மெதுவாக இறங்கினால் குழாயையோ குழியையோ பார்க்க வேண்டும்.

எங்களுக்கு அதிகம் அகப்பட்டது வேறொன்று: கட்டும்போது ட்ராப்புக்குள் விழுந்து இறுகிப்போன சிமெண்ட் கட்டி. பேசின் பதிக்கிற அன்றைக்கே அதன் வாயில் சாக்கைத் திணித்து வையுங்கள். வேலை முடிந்ததும் சாக்கை எடுத்துவிட்டு, ஒரு சொம்பு ஊற்றிப் பார்த்துவிட்டுக் கொத்தனாருக்குக் கூலி கொடுங்கள்.